மூன்று கோல்ஃப் மட்டைக்கு 25 ஆண்டு! நான்கு நோக்கங்களும் மோதிய வழக்கு தெரியுமா?

மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்று ஒரு நீதிபதி தீர்ப்பளித்தது தெரியுமா? அந்தத் தண்டனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003 மார்ச் 5 அன்று சொன்னது தெரியுமா? அதைவிடப் பெரிய ஆச்சரியம் இது: சட்டக் கல்லூரித் தேர்வில் மாற்றி மாற்றிக் கேட்கப்படும் பழிக்கீடு, அச்சுறுத்தல், முடக்கம், சீர்திருத்தம் என்ற நான்கையும் அந்தத் தீர்ப்பு ஒரே மூச்சில் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது! ஒரு தண்டனைக்கு இந்த நான்கில் எதுவும் காரணமாக இருக்கலாம், எது என்று சட்டமன்றமே முடிவு செய்துகொள்ளலாம் என்கிறது.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. நான்கு கோட்பாடுகளுக்கும் தனித்தனியாக விளக்கம், தனித்தனியாகக் குறை நிறை எழுதிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். ஆனால் கேள்வியில் 'ஒப்பிடுக' என்றல்லவா இருக்கிறது! ஒரே ஆளை நான்கு நோக்கங்களின் முன்னாலும் நிறுத்தி, இவரை எத்தனை ஆண்டு உள்ளே வைக்கலாம் என்று ஒவ்வொன்றிடமும் கேட்டால்தான் அவை எங்கே கைகோக்கின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்பது தெரியும். கேட்டுப் பார்ப்போமா?

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். பெயர் கேரி யூயிங். 2000 மார்ச் 12. லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் எல் செகுண்டோ என்ற ஊரின் கோல்ஃப் மைதானம். அங்குள்ள கடையிலிருந்து ஒருவர் நொண்டி நொண்டி வெளியே போவதைக் கடை ஊழியர் பார்க்கிறார். உள்ளே வந்தபோது நன்றாக நடந்தவர் ஆயிற்றே என்ற சந்தேகமோ என்னவோ, போலீசுக்கு போன் போடுகிறார். கார் நிறுத்தும் இடத்திலேயே ஆள் சிக்குகிறார். பேன்ட் காலுக்குள் மூன்று மட்டைகள்! ஒவ்வொன்றின் விலை 399 டாலர். மொத்தம் 1,197 டாலர்.

அந்த 399-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். அன்றைய கலிஃபோர்னியா சட்டப்படி 400 டாலருக்கு மேல் போனால்தான் பெருந்திருட்டு. ஒரு மட்டையோடு நிறுத்தியிருந்தால் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றிருப்பார். மூன்று எடுத்ததால் தாண்டிவிட்டார். அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. பெருந்திருட்டு அங்கே இரண்டு பக்கமும் சாயக்கூடிய குற்றம். பெருங்குற்றமாகவும் நடத்தலாம், சிறுகுற்றமாகவும் நடத்தலாம். அரசு வழக்கறிஞர் குறைக்கலாம், விசாரணை நீதிபதியும் குறைக்கலாம். குறைக்கச் சொல்லி யூயிங் தரப்பு கேட்டது. நீதிபதி மறுத்துவிட்டார்.

ஏன் மறுத்தார்? அங்கேதான் பழைய கதை வருகிறது. 1984-ல் 22 வயதில் தொடங்கிய திருட்டு வரலாறு அது. 1993-ல் லாங் பீச் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஐந்து வார காலத்துக்குள் வீடு புகுந்த குற்றங்கள் மூன்றும் ஒரு வழிப்பறியும். ஒரு வீட்டில் ஆள் சோபாவில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வீடியோ ரெக்கார்டரைக் கழற்றப் பார்த்திருக்கிறார். வழிப்பறியில் கத்தியைக் காட்டி ஒருவரை அவர் வீட்டுக்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். 9 ஆண்டு 8 மாதத் தண்டனை. 1999-ல் பரோலில் வெளியே வந்தார். பத்து மாதத்தில் கோல்ஃப் மட்டை! ஆக, இது பாவப்பட்ட மனிதர் பசிக்குத் திருடிய கதை இல்லை. அப்படிச் சுருக்கி எழுதினால் விடையின் பாதி பலம் அங்கேயே போய்விடும்.

இனி சட்டம். 1992-ல் ஃப்ரெஸ்னோ நகரில் கைப்பையைப் பறிக்க வந்தவர்கள் 18 வயதுப் பெண்ணைச் சுட்டுக் கொன்றார்கள். 1993 அக்டோபரில் பெட்டலூமாவில் 12 வயதுச் சிறுமியை வீட்டுக்குள்ளிருந்தே கடத்திப் போய்க் கொன்றான் ஒருவன். அவன் நீண்ட குற்றப் பின்னணி உள்ளவன், முன்பே சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டவன். மாநிலமே கொதித்தது. 1994 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது, அதே ஆண்டு நவம்பரில் மக்களும் சுமார் 72 சதவீத ஆதரவோடு அதை உறுதி செய்தார்கள். மூன்று வீச்சைத் தவறவிட்டால் பேஸ்பால் ஆட்டக்காரர் அவுட் ஆவதால் அதற்கு 'த்ரீ ஸ்ட்ரைக்ஸ்' என்று பெயர். கடுமையான அல்லது வன்முறையான குற்றம் ஏற்கெனவே இரண்டு இருந்து, மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றம் செய்தாலும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. 'எந்த' என்ற அந்த ஒரு சொல்லில்தான் யூயிங் மாட்டினார்.

இந்த 25-ஐ நான்கு நோக்கங்களிடமும் காட்டலாம்.

பார்த்தால் மிகக் கொடூரமாகத் தெரியும் பழிக்கீடுதான் இந்த வழக்கில் மிக இரக்கமானது, தெரியுமா? பழிக்கீடு பின்னோக்கிப் பார்க்கும். இனி இவர் என்ன செய்வார், ஊர் என்ன பாடம் கற்கும் என்று அது கேட்பதே இல்லை. செய்த தவறு எவ்வளவு பெரியது, அதில் இவருடைய குற்ற மனம் எவ்வளவு என்ற இரண்டையும் எடை போட்டு, அதற்குத் தகுந்ததைக் கொடு என்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் முதல் பாதி. 1797-ல் இம்மானுவேல் கான்ட் அதை உச்சிக்கே கொண்டுபோனார். ஒரு தீவின் மக்கள் சமூகத்தையே கலைத்துவிட்டுப் பிரிந்து போக முடிவு செய்தாலும், போவதற்கு முன் சிறையில் இருக்கும் கடைசிக் கொலைகாரனுக்கும் மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்! அந்தத் தண்டனையால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. பயன் இல்லாவிட்டாலும் கடமை என்பதுதான் அவர் வாதம்.

இரண்டாம் பாதியைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள். தகுதிக்கு மேல் கொடுக்காதே! பழிவாங்குதலுக்கு உச்சவரம்பு கிடையாது, பழிக்கீட்டுக்கு உண்டு. மட்டைத் திருட்டை இந்தத் தராசில் வையுங்கள். கலிஃபோர்னியாவில் ஆத்திரத்தில் ஒருவரைக் கொன்று, அது கொலை என்ற வரையறைக்குக் கீழே வந்தால், அதிகபட்சம் 11 ஆண்டு. ஓர் உயிருக்கு 11, மூன்று மட்டைக்குக் குறைந்தது 25 என்றால் குற்றங்களின் வரிசையே தலைகீழாகிவிடுகிறது.

பழைய குற்றங்கள் இருக்கின்றனவே, அவற்றையும் சேர்த்துத்தானே 25 என்று கேட்கலாம். இங்கே பழிக்கீட்டுக்காரர்களுக்குள்ளேயே அழகான சண்டை. அவற்றுக்குத்தான் தண்டனை அனுபவித்து முடித்தாகிவிட்டதே, மறுபடி எண்ணினால் ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகாதா என்பார்கள் ஒரு சாரார். ஒருமுறை கண்டித்தும் கேட்காதவன் கூடுதல் குற்றவாளிதானே என்பார்கள் இன்னொரு சாரார். ஆண்ட்ரூ ஃபான் ஹிர்ஷ் நடுவில் ஒரு வழி சொன்னார். முதல் முறை தவறியவருக்கு மனித பலவீனம் என்று கொஞ்சம் சலுகை கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் அந்தச் சலுகை கரைந்துகொண்டே வரும். கரைந்து முடிந்தால் அந்தக் குற்றத்துக்கு உரிய முழுத் தண்டனை, அதற்கு மேல் ஏறாது. இந்தக் கணக்கில் யூயிங்குக்குத் திருட்டுக்குரிய முழுத் தண்டனை கிடைக்கும். 25 ஆண்டு எந்தக் காலத்திலும் கிடைக்காது. ஃபான் ஹிர்ஷ் பெயரையும் இந்த 'கரையும் சலுகை' வாதத்தையும் இரண்டு வாக்கியத்தில் எழுதிவிட்டால், திருத்துகிறவர் கட்டாயம் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து அச்சுறுத்தல். இதில் இரண்டு வகை. தண்டிக்கப்பட்டவரே பயந்து திருந்துவது ஒன்று, அவரைப் பார்த்து ஊர் பயப்படுவது மற்றொன்று. முதல் வகை யூயிங்கிடம் தோற்றுப்போனது வெளிப்படை. பல ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வந்து பத்து மாதத்தில் மறுபடி கை வைத்தாரே! மிச்சம் இருப்பது இரண்டாவது வகை.

அது வேலை செய்ததா? 'கடுமையான தண்டனையால் குற்றம் குறையவே குறையாது' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள்! எரிக் ஹெலண்ட், அலெக்சாண்டர் டபரோக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வின் தந்திரத்தைக் கேளுங்கள். ஸ்ட்ரைக் எண்ணிக்கையில் சேரும் கணக்குக் குற்றங்கள் இரண்டில் தண்டனை பெற்றவர்கள் ஒரு பக்கம். அதேபோல இரண்டு முறை கணக்குக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டு, ஆனால் இரண்டாவது முறை அதைவிடச் சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டனை பெற்றுத் தப்பித்தவர்கள் மறுபக்கம். இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள். ஒரே வித்தியாசம், முதல் தரப்பின் தலைக்கு மேல் 25 ஆண்டு தொங்குகிறது. முதல் தரப்பில் பெருங்குற்றக் கைதுகள் 17 முதல் 20 சதவீதம் குறைவு! ஆக, பயம் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் அதே ஆய்வு இன்னொரு கணக்கும் போட்டது. இப்படித் தடுக்கப்பட்ட ஒவ்வொரு குற்றத்துக்கும் சிறைச் செலவு சுமார் 1,48,000 டாலர். அந்தப் பணத்தைக் காவல் பணியில் போட்டால் இதைவிட அதிகக் குற்றங்களைத் தடுக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

இது 1764-ல் செசாரே பெக்காரியா சொன்னதற்கு எவ்வளவு நெருக்கமாக வருகிறது பாருங்கள். தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட, எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் மனிதனைத் தடுக்கும் என்றார் அவர். நொண்டி நடந்தவரைக் கண்டு போன் போட்ட ஊழியரும் உடனே வந்து சேர்ந்த போலீசும்தான் பெக்காரியா சொன்ன தடுப்பு. எப்போதோ வரப்போகும் இருபத்தைந்தாவது ஆண்டு யாருடைய நினைவிலும் அவ்வளவாக இருப்பதில்லை.

பெக்காரியாவும் பெந்தாமும் எச்சரித்த இன்னொரு பொறி கலிஃபோர்னியாவில் அப்படியே நடந்தது. சிறிய குற்றத்துக்கும் பெரிய குற்றத்துக்கும் ஒரே தண்டனை என்றால், செய்யப்போகிறவன் பெரியதையே செய்துவிடுவான்! ராதா ஐயங்கார் என்ற பொருளாதார அறிஞர் இதே சட்டத்தை ஆராய்ந்தார். சட்டத்தால் குற்றத்தில் இறங்குவது குறைந்தது உண்மை. ஆனால் மூன்றாவது கணக்கின் விளிம்பில் இருந்தும் இறங்கியவர்கள் வன்முறைக் குற்றங்கள் பக்கம் நகர்ந்தார்கள், சிலர் பக்கத்து மாநிலங்களுக்கு இடம் மாறினார்கள் என்று கண்டார். மட்டைக்கும் 25, துப்பாக்கிக் கொள்ளைக்கும் 25 என்றால் மட்டையோடு ஏன் நிற்க வேண்டும்? அச்சுறுத்தலுக்கு உள்ளேயே ஒரு விகிதாச்சாரம் தேவை என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டுமா?

இப்போது, இந்தச் சட்டத்தின் உண்மையான இதயத்துக்கு வருகிறோம். அதுதான் முடக்கம். நம் பாடப் புத்தகங்கள் தடுப்புக் கோட்பாடு என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடும் பகுதி இது. உள்ளே இருக்கிறவன் வெளியே திருட முடியாது, அவ்வளவுதான் வாதம்! மற்ற மூன்றுக்கும் மனித மனத்தைப் பற்றி ஏதாவது நம்பிக்கை வேண்டும். மனம் குற்றமுள்ளது என்று பழிக்கீடு நம்புகிறது, பயப்படும் என்று அச்சுறுத்தல் நம்புகிறது, மாறும் என்று சீர்திருத்தம் நம்புகிறது. முடக்கத்துக்கு இந்த நம்பிக்கைகளில் எதுவும் வேண்டாம். ஒரு சுவர் இருந்தால் போதும்.

ஆனால் அதற்கும் ஒரு நம்பிக்கை உண்டு, சற்று ஒளிந்திருக்கிறது. வெளியே விட்டால் இவர் குற்றம் செய்திருப்பார் என்ற கணிப்புதான் அது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் அதற்கு ஓர் எண்ணைக் காட்டினார். மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களில் சுமார் 67 சதவீதம் பேர் மூன்றே ஆண்டுக்குள் ஏதாவது ஒரு கடுமையான புதிய குற்றத்துக்காக வழக்கில் சிக்கினார்கள் என்ற எண் அது. வலுவான எண்தான். யூயிங் விஷயத்தில் கணிப்பு ஏற்கெனவே பலித்தும்விட்டது.

அப்படியானால் 25 சரியா? இங்கேதான் வயது குறுக்கே வருகிறது! குற்றவியலில் மிக உறுதியாக நிலைத்துவிட்ட கண்டுபிடிப்புகளில் ஒன்று, குற்றம் வயதோடு குறையும் என்பது. பதின்பருவக் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் ஏறி, பிறகு இறங்கிக்கொண்டே போகும். யூயிங்குக்கு 1984-ல் 22 என்றால் 2000-ல் ஏறத்தாழ 38. 25 ஆண்டைக் கூட்டினால், முதன்முதலில் விடுதலை கேட்கும்போது 63. அந்த 25-ல் முதல் சில ஆண்டுகள் நிஜமாகவே திருட்டுகளைத் தடுக்கலாம். கடைசிப் பத்து ஆண்டுகளில், தானாகவே ஓய்ந்திருக்கக்கூடிய ஒருவரை மருத்துவச் செலவு ஏறிக்கொண்டே போகும் வயதில் அரசு காவல் காக்கிறது. இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மூன்று குற்றம் சேருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இந்தச் சட்டத்தின் வலையில் ஆட்கள் விழுவதே குற்ற வயது இறங்கத் தொடங்கிய பிறகுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பும் பின்னால் வந்தது, தெரியுமா? 2012 நவம்பரில் கலிஃபோர்னியா மக்களே வாக்களித்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்றாவது குற்றமும் கடுமையானதாகவோ வன்முறையானதாகவோ இருந்தால்தான், சில விதிவிலக்குகள் தவிர, 25 முதல் ஆயுள் வரை என்று ஆனது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் தண்டனைக் குறைப்பு கேட்கலாம், ஆபத்தானவர் என்று நீதிபதி கருதினால் மறுக்கலாம். முதல் ஆண்டிலேயே ஆயிரம் பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். திரும்பக் குற்றம் செய்தவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று 2013-ல் ஓர் அறிக்கை வந்தது. இந்த எண்ணைப் பார்த்ததும் துள்ளிக் குதித்துவிடக் கூடாது. சராசரியாகச் சில மாதங்களே வெளியே இருந்தவர்களின் கணக்கு அது, மேலும் நீதிபதிகள் சலித்துத் தேர்ந்தெடுத்து விட்டவர்கள். 67 மூன்று ஆண்டுக் கணக்கு, 2 சில மாதக் கணக்கு. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது தவறு. ஆனாலும் 'விட்டால் திருடுவார்கள்' என்ற ஒரே கணிப்பில் எல்லோரையும் 25 ஆண்டு வைத்திருந்ததில் எவ்வளவு பேர் வீணாக உள்ளே இருந்திருப்பார்கள் என்ற கேள்வியை அந்த அறிக்கை எழுப்பிவிட்டது.

சீர்திருத்தம்தானே நான்கிலும் மென்மையானது என்று நினைக்கிறீர்களா? அதே கலிஃபோர்னியாவில் 1960களின் தொடக்கத்தில், பெட்ரோல் பங்கில் 70 டாலர் கொள்ளையடித்த வழக்கில் ஜார்ஜ் ஜாக்சன் என்ற 18 வயது இளைஞருக்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? ஓர் ஆண்டு முதல் ஆயுள் வரை! எத்தனை ஆண்டு என்று நீதிபதி சொல்லவில்லை. ஏனென்றால் அன்றைய முறையின் நோக்கம் சீர்திருத்தம். நோய் எப்போது குணமாகும் என்று மருத்துவமனையில் சேர்க்கும்போதே தேதி குறிக்க முடியாதல்லவா, அதுபோலத் திருந்தியதும் விடலாம் என்றார்கள். திருந்திவிட்டாரா என்று முடிவு செய்வது ஒரு வாரியம். ஜாக்சனை அந்த வாரியம் விடவே இல்லை. 1971-ல் சான் குவென்டின் சிறையில், தப்பிக்க முயன்றதாகச் சொல்லப்பட்ட சம்பவத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். பழிக்கீட்டுக்கு உச்சவரம்பு உண்டு என்று சொன்னேனே, சீர்திருத்தத்துக்கு அது கிடையாது என்பதற்கு இந்த ஒரு தண்டனையே போதும்.

1974-ல் ராபர்ட் மார்ட்டின்சன் 231 ஆய்வுகளை அலசி, சிறைச் சீர்திருத்தத் திட்டங்களில் பலன் தெரிவது அபூர்வம் என்று எழுதினார். 1979-ல் அவரே அதைத் தளர்த்திக்கொண்டார். அதற்குள் காலம் மாறிவிட்டது. 1976-ல் கலிஃபோர்னியா தன் சட்டத்திலேயே, சிறையின் நோக்கம் தண்டனைதான் என்று எழுதி வைத்துக்கொண்டது. அந்த மண்ணில்தான் 1994 சட்டம் முளைத்தது. பிறகு 2005-ல் சிறைத் துறையின் பெயரிலேயே மறுவாழ்வைச் சேர்த்தார்கள், 2016-ல் அந்தப் பழைய வாசகத்தையும் மாற்றிச் சீர்திருத்தத்துக்கு இடம் கொடுத்தார்கள். நாற்பதே ஆண்டில் ஒரு முழுச் சுற்று!

இப்போது உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்புவோம். 5-க்கு 4 என்று பிரிந்த தீர்ப்பு. ஓ'கானரோடு இரண்டே பேர். குற்றத்துக்கும் தண்டனைக்கும் அப்பட்டமான பொருத்தமின்மை இருக்கக் கூடாது, ஆனால் திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவரை முடக்குவது அரசின் நியாயமான நோக்கம், ஆகவே இங்கே பொருத்தமின்மை இல்லை என்றார்கள். நீதிபதி தாமஸ் தனியாக உடன்பட்டார். நீதிபதி ஸ்கலியா உடன்பட்டும் கூட, ஓ'கானரின் வழியையே ஆட்டிவிட்டார். அவர் கேட்டதைக் கவனியுங்கள்: பொருத்தம் என்பது பழிக்கீட்டோடு பிறந்த சொல். குற்றத்துக்குத் தகுந்த தண்டனையா என்று அதில் கேட்கலாம். முடக்கம்தான் நோக்கம் என்று ஒப்புக்கொண்ட பிறகு மட்டைத் திருட்டுக்கு 25 பொருந்துகிறதா என்று கேட்பதில் என்ன அர்த்தம்? மட்டையா அங்கே பிரச்சினை? ஆளல்லவா!

இதற்கு மறுபக்க நீதிபதிகளில் ஸ்டீவன்ஸ் பதில் சொன்னார். தண்டனையின் எல்லா நோக்கங்களையும் சேர்த்து எடை போடும் விரிந்த விகிதாச்சாரம் ஒன்று சாத்தியம்தான் என்றார். பிரேயர் எண்களோடு வந்தார். இந்தச் சட்டத்துக்கு முந்தைய கலிஃபோர்னியாவில் யூயிங்கைப் போன்ற ஒருவர் பத்து ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்திருக்கவே முடியாது என்று காட்டினார். எனக்கு பிரேயரின் முடிவு சரி என்று படுகிறது. ஆனால் தேர்வில் எழுத வேண்டிய கேள்வி ஸ்கலியாவினுடையது. ஏனென்றால் நான்கு நோக்கங்களும் ஒரே கேள்விக்கு நான்கு விடைகள் என்ற எண்ணத்தை அது உடைத்துவிடுகிறது. பழிக்கீடு குற்றத்தை அளக்கிறது, முடக்கம் ஆளை அளக்கிறது, அச்சுறுத்தல் ஊரை அளக்கிறது, சீர்திருத்தம் நாளைய மனிதனை அளக்கிறது. அளக்கும் பொருளே வேறு என்றால், நான்கையும் கூட்டி ஒரு எண் எடுப்பது எப்படி? ஒரு நோக்கம் உச்சவரம்பு போட வேண்டும், மற்றவை அதற்குள் விளையாட வேண்டும் என்பதுதான் பல சட்ட அறிஞர்கள் கண்ட சமரசம்.

நம் ஊர்த் தேர்வுக்கு இந்திய வழக்கும் வேண்டுமே! 1980-ல் பச்சன் சிங் வழக்கில், மரண தண்டனைக்கு முன் ஆள் திருந்துவதற்கு வாய்ப்பில்லை என்பதை அரசு காட்ட வேண்டும் என்று வந்ததே, அது சீர்திருத்தம் போட்ட தடை. 2008-ல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில், தூக்குக்குப் பதில் சாகும்வரை விடுதலையே இல்லாத சிறை என்ற நடுவழியை உச்ச நீதிமன்றம் எடுத்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகளை விடுவிக்கத் தமிழக அரசு எடுத்த முடிவிலிருந்து கிளைத்த ஸ்ரீஹரன் வழக்கில், 2015 டிசம்பர் 2 அன்று அரசியல் சாசன அமர்வு 3-க்கு 2 என்று அந்த நடுவழியை ஏற்றது. தூக்கு மேடையிலிருந்து ஓர் உயிர் தப்புகிறது, அதே மூச்சில் திருந்தினாலும் வெளியே வர முடியாத முடக்கம் தொடங்குகிறது. பச்சன் சிங்கையும் இதையும் பக்கத்தில் வைத்தாலே ஒப்பீடு தானாக எழுந்து நிற்கும்.

கடைசியாக ஒரு பயிற்சி. யூயிங் தீர்ப்பு வந்த அதே நாளில், அதே 5-க்கு 4-ல் இன்னொரு தீர்ப்பும் வந்தது தெரியுமா? லியாண்ட்ரோ ஆண்ட்ராடே, முன்னாள் ராணுவ வீரர், ஹெராயின் பழக்கம் உள்ளவர். 1995 நவம்பர் 4 அன்று ஒரு கடையில் 84.70 டாலர் மதிப்புள்ள ஐந்து வீடியோ கேசட்டுகள். நவம்பர் 18 அன்று இன்னொரு கடையில் 68.84 டாலருக்கு நான்கு கேசட்டுகள். திருடியவற்றில் ஸ்நோ ஒயிட், சிண்ட்ரெல்லா போன்ற குழந்தைகள் படங்களும் இருந்தன. 400 டாலர் கோடு இங்கே காப்பாற்றவில்லை, பழைய திருட்டு இருந்தால் சில்லறைத் திருட்டையும் பெருங்குற்றமாக நடத்தலாம் என்று சட்டம் இருந்தது. இரண்டு திருட்டுக்கும் ஒன்றன் பின் ஒன்றாக 25, 25. மொத்தம் 50 ஆண்டு! அப்போது அவருக்கு 37 வயது. முதன்முதலில் விடுதலை கேட்கும்போது 87.

முதல் 25-ஐ விட்டுவிடுங்கள். இரண்டாவது 25-க்கு எந்த நோக்கம் காரணம் சொல்லும்? பழிக்கீடு இரண்டு திருட்டுக்கு இரண்டு தண்டனை என்று ஒப்புக்கொள்ளும், ஆனால் 68 டாலருக்கு 25 என்ற அளவை ஏற்காது. அச்சுறுத்தல், ஏற்கெனவே ஆயுள் வரை நீளும் ஒரு தண்டனைக்கு அஞ்சாதவன் இன்னொன்றுக்கு அஞ்சுவானா என்று கேட்கும். சீர்திருத்தத்துக்கு 87 வயதில் திருத்த என்ன மிச்சம் இருக்கும்? சட்டத்தின் சொந்த நோக்கமான முடக்கமாவது கைகொடுக்குமா என்றால், மாற்றுத் தீர்ப்பு எழுதிய டேவிட் சூட்டர் அந்த வாசலையும் அடைத்தார். நவம்பர் 4-க்கும் 18-க்கும் நடுவில், இரண்டாவது முறையும் கேசட்டுகளை எடுத்ததாலேயே, இவர் சமூகத்துக்கு இரண்டு மடங்கு ஆபத்தானவர் ஆகிவிடவில்லையே என்றார்.